வீடு கட்ட 24 லட்சம் லோன் சாங்ஷன் ஆகியும், ரூஃப் போடும் நேரத்தில் கையில் ஏன் பணம் இல்லை?

ரூஃபுக்கு சென்ட்ரிங் அடித்தாயிற்று. கம்பி கட்டும் வேலையும் முடிகிற நேரம். கான்ட்ராக்டரிடமிருந்து போன் வருகிறது: “சார், வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டுடலாம். ஏழரை லட்சம் ரெடி பண்ணிடுங்க.” வங்கிக்குப் போன் செய்தால் வேறு பதில்: “ரூஃப் போட்டு முடிச்சிட்டு சொல்லுங்க சார், இன்ஜினீயரை அனுப்புறோம்.”

சொந்த மனையில் வீடு கட்டக் கடன் வாங்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கான்ட்ராக்டர் வேலைக்கு முன்னால் பணம் கேட்பார், வங்கி வேலை முடிந்த பிறகு கொடுக்கும். நடுவில் விழும் பள்ளத்தை யார் நிரப்புவது?

மொத்தமாக ஏன் தருவதில்லை?

கட்டி முடித்த ஃபிளாட்டை வாங்கும்போது அடமானம் வைக்க ஒரு வீடு கண்ணெதிரே இருக்கிறது. மனையில் வீடு கட்டும்போது வங்கியின் கையில் இருப்பது வெறும் நிலம். அதனால் கட்டடம் எவ்வளவு உயர்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பணம் இறங்கும். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு, ஃபினிஷிங் என்று நான்கைந்து கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். எந்தக் கட்டத்துக்கு எத்தனை சதவீதம் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

உங்கள் பங்கு முதலில் செலவாக வேண்டும், அல்லது ஒவ்வொரு கட்டத்திலும் வங்கிப் பணத்தோடு சேர்ந்து செலவாக வேண்டும். இதைத்தான் மார்ஜின் என்கிறார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் அது உச்சவரம்பு. உங்களுக்கு 80 சதவீதம்தான் என்று வங்கி முடிவெடுக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். வங்கி 24 லட்சம், சொந்தப் பணம் 6 லட்சம். கையில் 6 லட்சம் இருந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கான்ட்ராக்டரோடு போட்ட ஒப்பந்தம் இப்படி: கையெழுத்திடும்போது 3 லட்சம், பேஸ்மென்ட் முடிந்ததும் 6 லட்சம், லிண்டலில் 6 லட்சம், ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் 7.5 லட்சம், பூச்சு முடிந்ததும் 4.5 லட்சம், சாவி தரும்போது 3 லட்சம். வங்கி இன்ஜினீயரின் கணக்கில் பேஸ்மென்ட் முடிந்தால் 20 சதவீத வேலை, லிண்டலில் 40, ரூஃப் போட்டால் 65, பூச்சில் 85. முடிந்த வேலையின் மதிப்பில் 80 சதவீதத்தை வங்கி விடுவிக்கிறது.

லிண்டல் முடியும்போது கான்ட்ராக்டருக்கு 15 லட்சம் போயிருக்கும். வங்கியிலிருந்து வந்தது 9.6 லட்சம். சொந்தப் பணம் 5.4 லட்சம் உள்ளே இருக்கிறது. இதுவரை சமாளிக்கலாம். அடுத்து ரூஃபுக்கு முன் 7.5 லட்சம் கொடுத்தால் மொத்தம் 22.5 லட்சம். ரூஃப் இன்னும் போடவில்லை என்பதால் வங்கிப் பணம் அதே 9.6 லட்சத்தில்தான் நிற்கிறது. அன்றைய தேதியில் உங்கள் கையிலிருந்து போயிருக்க வேண்டியது 12.9 லட்சம். திட்டமிட்டதோ 6 லட்சம்!

ரூஃப் போட்டு, ஆய்வு முடிந்து, வங்கி 6 லட்சம் விடுவித்தால் சொந்தப் பணம் மறுபடி 6.9 லட்சத்துக்கு இறங்கிவிடும். அதாவது பிரச்சினை சில வாரங்களுக்குத்தான். ஆனால் அந்தச் சில வாரங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, பர்சனல் லோன் ஆப் திறக்கப்படுகிறது. நிறுத்தி வைக்கலாம் என்றாலும் முடியாது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறும், மழை பெய்தால் கட்டிய கம்பி துருப்பிடிக்கும். ரூஃபைப் பாதி போட்டுவிட்டு மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை.

சரிசெய்ய வேண்டிய இடம்

வங்கியின் அட்டவணையை மாற்றுவது கஷ்டம். கான்ட்ராக்டரின் அட்டவணையை, கையெழுத்துக்கு முன் என்றால், மாற்றலாம். மேலே சொன்ன 7.5 லட்சத்தை கான்கிரீட்டுக்கு முன் 3 லட்சம், வங்கிப் பணம் வந்ததும் 4.5 லட்சம் என்று உடைத்தால் உச்சம் 8.4 லட்சமாகக் குறைகிறது. பேஸ்மென்டில் 6 லட்சத்துக்குப் பதில் 4 லட்சம் கொடுத்து, மீதி 2 லட்சத்தைப் பூச்சு முடிந்த பிறகு தருவதாகப் பேசினால், ரூஃபுக்கு முன் தேவைப்படுவது 6.4 லட்சம்தான். வீடும் அதேதான், விலையும் அதேதான்.

இதற்கு வங்கியின் கட்ட வாரியான சதவீதம் முதலில் கையில் இருக்க வேண்டும். சாங்ஷன் கடிதம் வரும் முன்பே அதைக் கேட்டு வாங்குவது நல்லது. சென்ட்ரிங் முடிந்த நிலையில் ஒரு பகுதியை விடுவிப்பார்களா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். சில இடங்களில் சம்மதிப்பார்கள். ஆய்வுக்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், “கட்டம் முடிந்ததும்” என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் “வங்கித் தொகை வந்ததும்” என்று எழுதிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

இன்ஜினீயர் வந்து என்ன பார்க்கிறார்?

சுவர் எழும்பிவிட்டதா என்று மட்டும் அல்ல. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படிதான் கட்டப்படுகிறதா என்பதைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. வரைபடத்தை மீற மாட்டேன் என்று கடன் வாங்குபவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி வந்தது அது.

நடைமுறையில் சிக்கல் வருவது சின்ன ஆசைகளால்தான். கார் நிற்கட்டும் என்று போர்ட்டிகோவை செட்பேக் இடத்துக்குள் இரண்டடி நீட்டுவது, வரைபடத்தில் இல்லாத ஒரு அறையை மாடியில் சேர்ப்பது. அறிக்கையில் ‘மாறுதல்’ என்று எழுதிவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலை முதல் சுய சான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி சுலபமாகிவிட்டதே தவிர, மீறினால் விளைவு மாறவில்லை.

இன்னொன்று, எஸ்டிமேட். போர்வெல், சம்ப், காம்பவுண்ட் சுவர், மின் இணைப்பு ஆகியவை அதில் இல்லையென்றால் அவற்றுக்கு லோன் பணம் வராது. கம்பி, சிமென்ட் விலை நடுவில் ஏறினாலும் சாங்ஷன் தொகை தானாக ஏறாது. கடனை உயர்த்த மறுபடி விண்ணப்பம், மறுபடி வருமானச் சான்று.

வட்டி எப்போது தொடங்கும்?

விடுவித்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. 8.5 சதவீதம் என்றால், முதல் தவணையான 4.8 லட்சத்துக்கு மாதம் 3,400 ரூபாய். ரூஃப் முடிந்து 15.6 லட்சம் வந்ததும் 11,050 ரூபாய். இதற்கு ‘ப்ரீ-இஎம்ஐ’ என்று பெயர். இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முழு 24 லட்சமும் இறங்கி 20 வருட இஎம்ஐ தொடங்கும்போது சுமார் 20,800 ரூபாய் வரும். வேலை ஆறு மாதம் இழுத்தால், வாடகையும் இந்த வட்டியும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

சாங்ஷன் ஆன தேதியிலிருந்தோ, காசோலையில் எழுதிய தேதியிலிருந்தோ வட்டி போடக் கூடாது, பணம் உண்மையில் கைமாறிய நாளிலிருந்துதான் போட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. கட்ட வாரியான கடனில் நான்கைந்து முறை பணம் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.