கொடுப்பவரே தடுப்பவர்: பதினொன்றாம் வீட்டின் இரட்டை முகம்

ஜோசியர் ஜாதகக் கட்டத்தை விரித்ததும் நாம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். வீடு எப்போது அமையும், கடன் எப்போது தீரும், நினைத்தது நடக்குமா? இவை எல்லாவற்றுக்கும் அவர் விரல் ஒருமுறையாவது போய் நிற்கும் இடம், லக்னத்திலிருந்து எண்ணிவரும் பதினொன்றாம் வீடு. லாப ஸ்தானம் என்பார்கள். கே.எஸ். கிருஷ்ணமூர்த்தியின் கே.பி. முறையில் கல்யாணம் நடக்குமா என்று பார்க்கக்கூட ஏழாம் வீடு மட்டும் போதாது. இரண்டும் பதினொன்றும் சேர்ந்து வரவேண்டும். ஆசை கைகூடுவதைக் காட்டும் வீடு அது என்பதால்.

நம் மரபில் மூத்த சகோதரரும் இந்த வீட்டில்தான் இருக்கிறார். நண்பர்களையும் நம்பிக்கைகளையும் இங்கே அழுத்தமாக வைத்தவர்கள் பழைய கிரேக்க ஜோசியர்கள். அவர்களுக்கு இது நல்ல தேவதையின் வீடு, குரு மகிழ்ந்திருக்கும் இடம். இன்றைய தமிழ் ஜோசியர்கள் இரண்டையும் கலந்தே பலன் சொல்கிறார்கள்.

வீடு என்ன கிடைக்கும் என்பதைச் சொன்னால், யார் மூலமாக, எந்த வழியாக என்பதைச் சொல்வது வீட்டின் அதிபதி. லாபாதிபதி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் சொல்லும் பலன் பாதிப் பலன்தான். ஒரு கற்பனை ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். 1978-ல் பிறந்தவர். மேஷ லக்னம், சதய நட்சத்திரம். மேஷத்துக்குப் பதினொன்று கும்பம், அதிபதி சனி. பத்தாம் வீடான மகரமும் அவருடையதே. அப்படியானால் இவருக்கு உதவும் நட்பு வேலை செய்யும் இடத்திலிருந்து வரும், பெரும்பாலும் தன்னைவிட வயதில் மூத்தவராக இருப்பார் என்பது முதல் வாசிப்பு.

அந்த ஆண்டில் சனி இருந்தது சிம்மத்தில். அது சூரியனின் வீடு, சனிக்குப் பகை வீடு. அவசரப்பட்டவர் இங்கேயே ‘லாபாதிபதி கெட்டுவிட்டார்’ என்று முடித்துவிடுவார். ஆனால் சிம்மத்திலிருந்து சனியின் ஏழாம் பார்வை நேராகக் கும்பத்தில், அதாவது சொந்த வீட்டிலேயே விழுகிறது. தன் வீட்டைத் தானே பார்க்கும் கிரகம் அதைக் கைவிடாது என்பது விதி. அந்தக் கும்பத்தில் சந்திரன் இருக்கிறார். மேஷத்துக்கு அவர் நான்காம் அதிபதி, வீடு வாசலுக்கு உரியவர். ஆக இவருடைய நெடுநாள் ஆசை சொந்த வீடு. பார்ப்பது சனி என்பதால் தாமதமாகத்தான் வரும்.

எவ்வளவு தாமதம்? சதயத்தின் நடுவில் பிறந்திருந்தால் ராகு தசையில் 9 வருடம் பாக்கி. பிறகு குரு தசை 16 வருடம். 25 வயதில், 2003 வாக்கில், 19 வருட சனி தசை ஆரம்பிக்கிறது. அதற்குள் சந்திர புக்தி வர ஏறக்குறைய 11 வருடம் ஆகும். 36 வயதில், 2014-ஐ ஒட்டி, பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நிற்பார் என்று ஜோசியர் சொல்லக்கூடும். மனையைக் காட்டியவர் கூட வேலை பார்க்கும் அண்ணன், முன்பணம் அவர் நடத்தும் சீட்டில் எடுத்தது என்று கதை நீளும்.

இங்கேதான் ஒரு முடிச்சு. மேஷம், கடகம், துலாம், மகரம் ஆகிய நான்கு சர லக்னங்களுக்கும் பதினொன்றாம் அதிபதியே பாதகாதிபதி. கொடுக்கிறவரே தடுக்கிறவரும் ஆகிறார். மனை காட்டிய அதே அண்ணன் நாலு மாதம் கழித்து ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருவார். மறுக்க முடியாது, போட்டால் மாட்டிக்கொள்ள நேரும். இந்த லக்னக்காரர்களிடம் ‘நண்பர்களால் லாபம்’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஜோசியர் வேலையை முடிக்கவில்லை என்பது என் கட்சி.

இந்தக் கணக்குக்கு விஞ்ஞான நிரூபணம் கிடையாது. நம்புகிறவர்கள் வைத்திருக்கும் விதிகள் இவை. அந்த விதிகளுக்குள்ளேயே ஒரு பலவீனம் உண்டு. லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். இவர் மேஷத்தின் கடைசிப் பாகையில் பிறந்ததாக எழுதியிருந்து, ஆஸ்பத்திரிக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால் லக்னம் ரிஷபம். பதினொன்று மீனம், அதிபதி குரு. சனி ஒன்பது, பத்துக்கு உரியவராகிவிடுவார். ஸ்திர லக்னத்துக்கு ஒன்பதாம் அதிபதி பாதகாதிபதி என்பதால் அந்தப் பழி மட்டும் அவரிடமே தங்கும். அதனால்தான் பழகிய ஜோசியர் பலனுக்குப் போகுமுன், அண்ணன் அக்கா உண்டா, முதல் வேலை எந்த வருடம் கிடைத்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்.