சுரங்கச் செலவும் தங்கத்தின் அடிவிலையும்

ஓர் அவுன்சு (31.1 கிராம்) தங்கத்தை எடுத்து விற்பதற்கு ஒரு சுரங்க நிறுவனத்துக்கு ஆகும் செலவை, சுரங்கத்தைத் தொடர்ந்து இயங்கும் நிலையில் வைத்திருக்கும் செலவோடு சேர்த்துக் கணக்கிடும் அளவை "நீடிப்புச் செலவு" எனலாம். ஆங்கில முதலெழுத்துகளால் இது ஏ.ஐ.எஸ்.சி. எனப்படுகிறது. உலகத் தங்கக் கழகம் 2013 ஜூனில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதுவரை நிறுவனங்கள் தோண்டுதல், அரைத்தல், பிரித்தல் ஆகியவற்றின் ரொக்கச் செலவையே பெரும்பாலும் காட்டிவந்தன. புதிய அளவில் தேய்ந்த இயந்திரங்களை மாற்றுவது, புதிய சுரங்கப் பாதைகளை வெட்டுவது, தலைமை அலுவலகச் செலவு, சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீராக்கும் செலவு முதலியனவும் சேர்ந்தன. வருமான வரி, கடன் வட்டி, புதிய சுரங்கம் அமைக்கும் முதலீடு ஆகியவை இதில் இல்லை. பெயரில் "அனைத்தும்" என்று பொருள்படும் சொல் இருந்தாலும் அனைத்தும் இதில் அடங்கவில்லை.

வழிகாட்டுதல் வந்த ஆண்டில்தான் தங்க விலை கடுமையாகச் சரிந்தது. 2013 தொடக்கத்தில் அவுன்சு 1,650 டாலருக்கு மேல் இருந்த விலை ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,200 டாலருக்கு வந்தது. பல நிறுவனங்களின் நீடிப்புச் செலவும் அதற்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஆகவே, "இதற்குக் கீழே போனால் சுரங்கங்கள் மூடப்படும், வரத்துக் குறையும், விலை தானாகத் தாங்கிக்கொள்ளும்" என்ற வாதம் பரவியது. கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால் 2015 டிசம்பரில் விலை 1,050 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டுகளில் உலகச் சுரங்க உற்பத்தி குறையவில்லை, கூடியது.

கனடாவின் பேரிக் கோல்டு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அதன் நீடிப்புச் செலவு 2013இல் அவுன்சுக்கு 915 டாலர், 2014இல் 864, 2015இல் 831. விலை இறங்க இறங்கச் செலவும் இறங்கியிருக்கிறது. எண்ணெய் விலை வீழ்ந்ததால் டீசல் மலிந்தது. ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் நாணயங்கள் டாலருக்கு எதிராக மதிப்பிழந்ததால், அங்குள்ள சுரங்கங்கள் உள்ளூர்ப் பணத்தில் தரும் கூலி டாலரில் குறைந்தது. நிறுவனங்களும் ஆய்வுப் பணிகளைச் சுருக்கின, செலவு மிகுந்த சுரங்கங்களை விற்றன.

இவற்றைவிட நுட்பமான காரணம் தாதுவின் தரம். ஒரு டன் பாறையைத் தோண்டி அரைத்துப் பிரிக்க 40 டாலர் ஆகிறது, அதிலுள்ள தங்கத்தில் 90 விழுக்காடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 1,800 டாலராக இருந்தால் டன்னுக்கு 0.77 கிராம் தங்கமுள்ள பாறையே செலவுக்குக் கட்டும். விலை 1,200 ஆனால் 1.15 கிராம் தேவை. டன்னுக்கு 0.8 கிராம் உள்ள பாறையிலிருந்து ஓர் அவுன்சு எடுக்க ஏறத்தாழ 1,730 டாலர் ஆகும். 2 கிராம் உள்ளதிலிருந்து எடுக்க 690 டாலர்தான். விலை உயரும்போது சுரங்கம் ஏழைத் தாதுவையும் அள்ளுகிறது, அதனால் சராசரிச் செலவு உயர்கிறது. விலை விழும்போது அதை ஒதுக்கிவிட்டு வளமான தாதுவுக்குத் திரும்புகிறது. அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையும் பெரும்பாலும் விலையில் ஒரு பங்காகவே இருப்பதால், அதுவும் விலையோடு ஏறி இறங்குகிறது. அடித்தளம் என்று நினைத்தது விலையின் பின்னாலேயே நகரும் தரை.

விலை நீடிப்புச் செலவுக்குக் கீழே போனாலும் சுரங்கம் உடனே மூடப்படுவதில்லை. பேரிக்கின் 2015 ரொக்கச் செலவு 596 டாலர். நீடிப்புச் செலவுக்கும் அதற்கும் இடையே 235 டாலர் இருந்தது. இந்த இடைவெளியில் உள்ளவற்றில் பெரும்பகுதி சில காலம் தள்ளிப்போடக்கூடியது. மூடினாலும் நீர் இறைப்பதும் காவலும் தொடரவேண்டும், ஆட்குறைப்புக்கு இழப்பீடு தரவேண்டும். எனவே ரொக்கச் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் ஓட்டுவதே மேல். முதலில் நிற்பவை புதிய திட்டங்களே. சிலி–அர்ஜென்டினா எல்லையில் இருந்த பாஸ்குவா-லாமா திட்டத்தின் கட்டுமானத்தை பேரிக் 2013 அக்டோபரில் நிறுத்தியது. ஆனால் கட்டி முடியாத சுரங்கம் நின்றுபோவதால் அன்றைய சந்தைக்கு வரும் தங்கம் ஒரு கிராம்கூடக் குறையாது.

வரத்துக் குறைந்தாலும் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. கச்சா எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடுவதால், உற்பத்தி சில விழுக்காடு குறைந்தாலே தட்டுப்பாடு வரும். தங்கம் தீர்வதில்லை. இதுவரை தோண்டப்பட்டதில் 2,00,000 டன்னுக்கு மேல் நகையாகவும் கட்டியாகவும் இருக்கிறது. ஆண்டுச் சுரங்க உற்பத்தி ஏறத்தாழ 3,600 டன், அதாவது இருப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பத்தில் ஒரு பங்கு நின்றுபோனாலும் 360 டன்தான் குறையும். அந்த அளவை முதலீட்டு நிதிகள் சில மாதங்களில் விற்றுவிட முடியும். 2013இல் அவை விற்றது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். விலையைத் தீர்மானிப்பது, இருக்கும் தங்கத்தை வைத்திருப்போர் அதைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புகிறார்களா என்பதே. வட்டி விகிதம், டாலரின் மதிப்பு, மத்திய வங்கிகளின் கொள்முதல் ஆகியவை அந்த விருப்பத்தை மாற்றும். சுரங்கத்தின் டீசல் கணக்கு மாற்றாது.

ஆகவே இந்த அளவைத் தங்க விலையை ஊகிக்கப் பயன்படுத்துவதைவிட, சுரங்கப் பங்குகளை ஒப்பிடப் பயன்படுத்துவதே பொருத்தம். அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தங்கத்தோடு செம்பும் கிடைக்கும் சுரங்கங்களில் செம்பு விற்ற பணத்தைச் செலவிலிருந்து கழிப்பது வழக்கம். செம்பு விலை ஏறிய ஆண்டில் அத்தகைய சுரங்கத்தின் செலவு குறைந்ததாகத் தோன்றினால், அது திறமையால் வந்ததா, கழிவால் வந்ததா என்று ஆண்டறிக்கையில் தனியே பார்க்கவேண்டும்.