தவறிய விடைகளிலிருந்து ஒரு சொல் நோட்டு

மும்பையில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் அவர்களை வழிமறித்து நிற்பது ஆங்கிலம்தான். முதற்கட்டத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். அவற்றில் 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் அரை மதிப்பெண் கழிவு. வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஓரிரு மதிப்பெண்ணில் முடிவாகிவிடுகிற தேர்வு இது.

தாராவியிலிருந்து வரும் ஒரு பெண் இரண்டு முறை இப்படித்தான் நூலிழையில் தவறினாள். தகப்பனார் திருநெல்வேலிக்காரர், தோல் பட்டறையில் வேலை. "சார், இன்னும் ஒரு தடவைதான் என்னால படிக்க வைக்க முடியும். அப்புறம் இவளும் ஏதாவது கடையில நிக்க வேண்டியதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு சொல் பட்டியல் இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம், அகர வரிசையில் ஆயிரக்கணக்கான சொற்கள். ஏ, பி, சி மூன்று எழுத்துகளும் பென்சில் கோடுகளால் நிறைந்திருந்தன. அதற்கு அப்பால் தாள்கள் புத்தம் புதிதாக இருந்தன. இப்படிப்பட்ட புத்தகம் பல வீடுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய வினாத்தாள்களில் அவள் தவறவிட்ட விடைகளிலிருந்து மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதச் சொன்னேன். அந்த நோட்டை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். ஒரு பத்தியைக் கொடுத்து, நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வதற்கு 'க்ளோஸ்' என்று பெயர். 1953-ல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் வைத்த பெயர் இது. அரைகுறை வட்டத்தைக் கண்டால் மனம் தானே அதை மூடி முழு வட்டமாகப் பார்க்கிறதல்லவா? அந்த 'க்ளோஷர்' என்ற கருத்திலிருந்து பிறந்த சொல். ஒரு கட்டுரை வாசகருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளக்கவே அவர் இந்த முறையை வகுத்தார். இத்தனை சொல்லுக்கு ஒன்று என்று கணக்காகச் சொற்களை நீக்குவார். நாலு விடைகளைக் கீழே கொடுப்பதெல்லாம் கிடையாது. நம் தேர்வுகளில் எந்தச் சொல்லை நீக்குவது என்பதைக் கேள்வி எழுதுபவரே தீர்மானித்து, நாலு சொற்களையும் கொடுக்கிறார். ஆனால் அடிப்படை மாறவில்லை. அங்கே கேட்கப்படுவது அகராதிப் பொருள் மட்டுமல்ல. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எந்தச் சொற்கள் வரும் என்பதும்தான். ஆகவே தனிச் சொற்களை மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை.

இனி வேலை முறை. தாளை எழுதும்போதே, உறுதியாகத் தெரியாமல் குறித்த ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். பிறகு திருத்தும்போது தவறான விடைகளோடு, கேள்விக்குறி போட்ட சரியான விடைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாகிவிட்ட விடை அடுத்த தாளில் கைவிட்டுவிடும். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பழைய தாள்களின் மாதிரியில், ஒரு கிராமத்துக் கிணறுகளைப் பற்றி ஐந்து இடங்களை விட்டு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்.

முதல் இடம், அதிகாரிகள் ஒரு தவறு செய்தார்கள் என்ற வாக்கியம். 'எ மிஸ்டேக்' என்பதற்கு முன்னால் டிட், மேட், கேவ், டுக் என்ற நாலில் ஒன்று வர வேண்டும். அவள் 'டிட்' என்று குறித்தாள். விடை 'மேட்'. இரண்டாவது இடம், மே மாதத்தில் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்பது. டெப்லீட்டட், டெப்யூட்டட், டிபிக்டட், டிலைட்டட் என்ற நாலில் அவள் 'டெப்யூட்டட்' என்றாள். விடை 'டெப்லீட்டட்', அதாவது குறைந்து தீர்ந்துபோனது. மூன்றாவது, மழை நன்றாகப் பெய்தும் கிணறுகள் வறண்டே கிடந்தன என்ற வாக்கியத்தின் முதற்சொல். அவள் குறித்தது 'பிகாஸ்'. விடை 'ஆல்தோ'. நாலாவதில் 'அஃபெக்டட்' என்று உறுதியாகச் சரியாக எழுதினாள். ஐந்தாவதில் கிராமத்தார் அந்தப் பிரச்சினையை விவாதித்தார்கள் என்பதற்கு 'டிஸ்கஸ்ட்' என்று சரியாகக் குறித்தாள். ஆனால் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது.

ஐந்தில் இரண்டு சரி, மூன்று தவறு. நாலு மதிப்பெண்ணில் ஒன்றரை கழிய இரண்டரை. இந்த மூன்று தவறும் ஒரே ஜாதியல்ல என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

'மிஸ்டேக்' என்ற சொல் அவளுக்குத் தெரியும். 'டிட்', 'மேட்' இரண்டும் தெரியும். தெரியாதது அவற்றின் கூட்டாளி. தமிழில் 'தவறு செய்தான்' என்கிறோம்; இங்கே தெருவில் பேசும் இந்தியிலும் 'கல்தீ கீ' என்று செய்வதாகவே சொல்கிறார்கள். இரண்டு மொழியும் சேர்ந்து அவளை 'டிட்' பக்கம் தள்ளின. 'டெப்லீட்டட்' தவறியது பொருளே தெரியாததால். மூன்றாவது தவறு சொல்லறிவைச் சேர்ந்ததே அல்ல. 'மழை நன்றாக இருந்தது' என்ற அளவில் படித்ததும் விடையைக் குறித்துவிட்டாள். காற்புள்ளிக்கு அப்பால் கிணறு வறண்டு கிடப்பதைப் பார்க்கவில்லை.

ஆகவே நோட்டில் ஏற வேண்டியவை முதலாவதும் இரண்டாவதும் கேள்விக்குறி போட்ட ஐந்தாவதும். மூன்றாவதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'முழு வாக்கியம் படிக்கவில்லை' என்ற தலைப்பில் ஒரு கோடு போட்டால் போதும். 'ஆல்தோ' என்றால் 'இருந்தபோதிலும்' என்று நூறு முறை எழுதினாலும் இந்தத் தவறு தீராது. பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, பிறகு பேனாவை எடுப்பதுதான் இதற்கு மருந்து.

நோட்டில் எழுதும் முறையும் முக்கியம். சொல்லைத் தனியாக எழுதக்கூடாது. இடப்பக்கம் அந்தச் சொல் இருந்த துண்டு வாக்கியத்தைக் கோடிட்ட இடத்தோடு எழுத வேண்டும். வலப்பக்கம் விடை, அதன்கீழ் தான் குறித்த தவறான சொல், ஏன் தவறியது என்று தமிழில் ஒரே வரி. அவள் எழுதியதைச் சொல்கிறேன். 'மேட்' என்பதன்கீழ், "மிஸ்டேக்கை மேக் பண்ணுவார்கள், டூ பண்ண மாட்டார்கள்" என்று எழுதியிருந்தாள். 'டெப்லீட்டட்' என்பதன்கீழ், தான் குறித்த 'டெப்யூட்' என்றால் ஒருவரை ஒரு வேலைக்குத் தன் சார்பில் அனுப்புவது என்றும் எழுதியிருந்தாள். ஒரு தவறில் இரண்டு சொற்கள் கிடைத்துவிட்டன. ஓசை ஒத்த அந்தச் சொல்தான் அடுத்த தாளிலும் பக்கத்தில் வந்து நிற்கும். 'டிஸ்கஸ்ட்' என்பதன்கீழ் "பின்னால் அபௌட் வராது, தமிழில்தான் 'பற்றி'" என்று இருந்தது.

பிறகு வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, இடப்பக்கத்தைப் பார்த்து விடையைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை தொடர்ந்து சரியாக வந்தால் அடித்துவிடலாம். மறுபடி தவறினால் புதிய தேதியோடு புதிய பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பதிவுகளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் திருப்பிப் பார்க்க நேரம் இராது. கடையில் வாங்கிய புத்தகத்தின் கதிதான் இதற்கும்.

இந்த முறை எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டை எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே படித்தால் வரிசை மனப்பாடமாகிவிடும், சொல் ஆகாது. கடைசியிலிருந்தும் நடுவிலிருந்தும் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லலாம், ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்று, கடையில் விற்கும் விடைத் தொகுப்புகளில் அச்சுப்பிழைகள் உண்டு. விடை சந்தேகமாக இருந்தால், உதாரண வாக்கியங்கள் உள்ள அகராதி ஒன்றில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே நோட்டில் ஏற்ற வேண்டும். தவறான விடையை நாலு முறை திருப்பிப் படித்தால் அதுவும் பசுமரத்தாணி போலப் பதிந்துவிடும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, பழைய தாளையே திரும்பப் போடுவது போதாது. மூன்றாவது விடை 'பி' என்று கை நினைவு வைத்திருக்கும். நாலு விடைகளையும் தாளால் மறைத்துவிட்டு, தானாகச் சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் இதுவரை தொடாத தாள் ஒன்றைப் போட்டு, கேள்விக்குறிகளை எண்ண வேண்டும். மதிப்பெண் உயருவதற்கு முன்பே கேள்விக்குறிகள் குறையும்.

ஒரு வரம்பும் உண்டு. எதிர்ச்சொல், பொருள் ஒத்த சொல், மரபுத்தொடர், பல சொற்களுக்கு ஒரு சொல் ஆகிய கேள்விகளில் பழைய சொற்களே திரும்ப வருவது சகஜம். அங்கே நோட்டு நேரடியாகக் கைகொடுக்கும். இடம் நிரப்பும் பத்தியோ ஒவ்வொரு முறையும் புதிது. அங்கே உதவுவது அந்தச் சொல்லல்ல, அதன் கூட்டாளியைத் தேடும் பழக்கம்.

அந்தப் பெண் ஆறு தாள்களில் 30 இடங்களை நிரப்பிய பிறகு கடைசிப் பக்கத்தைக் கணக்குப் பார்த்தோம். தவறியதும் சந்தேகமுமாக 14. கூட்டாளி தெரியாமல் 7, பொருள் தெரியாமல் 3, முழு வாக்கியம் படிக்காமல் 4. ஆயிரக்கணக்கான சொற்கள் தெரியவில்லையே என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தவளுக்குப் பொருள் தெரியாதவை மூன்றுதான். "மாமா, அப்ப நான் அந்தப் பெரிய புத்தகத்தைப் படிக்க வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் தினம் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, எந்த வினைக்குப் பின்னால் எந்தச் சொல் வருகிறது என்று கோடிடும்படி சொல்லியிருக்கிறேன். அடுத்த தேர்வுக்கு நாலு மாதம் இருக்கிறது. நோட்டில் இன்று அடிக்கப்படாமல் இருப்பவை 41.

இந்தத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், திருத்திய பழைய தாள்கள் இரண்டோடு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அனுப்பி வையுங்கள். வெற்றுத் தாள்கள் வேண்டாம். தவறுகள் இருக்கும் தாள்கள்தான் வேண்டும்.