வங்கிக்கு வந்த காசும் வரிக் கணக்கும்: வீட்டிலிருந்து இணையச் சந்தையில் விற்பவர்களுக்கு

கிளிநொச்சி மாவட்டத்தில் வீட்டிலேயே கறித்தூள் வறுத்து அரைத்து, இணையச் சந்தை ஒன்றின் ஊடாக விற்கும் அக்கா ஒருவருடன் அவருடைய ஒரு மாதக் கணக்கறிக்கையை வரி வரியாகப் படித்தேன். அவருக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. "84,000 ரூபாய்க்கு வித்தனான் தம்பி, 68,000 தான் வந்தது. மிச்சத்தை வரியா வெட்டிட்டாங்களோ?" என்பது முதலாவது. "இனி வரிக்குப் பதியச் சொல்லி வருவாங்களோ?" என்பது இரண்டாவது. பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகமுள்ள வன்னியில் இதே கேள்விகளை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். வரிக்குப் பயந்து விற்பனையைக் குறைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் விடை காண, மூன்று தொகைகளை வேறுவேறாக எழுதிவைக்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த முழு விலை விற்பனை. சந்தை தன் கட்டணங்களைக் கழித்து வங்கிக்கு அனுப்புவது கைக்கு வரும் தொகை. அதிலிருந்து மூலப்பொருள், பொதி, மின்சாரம், கூலி போன்ற செலவுகள் போக மிஞ்சுவது இலாபம். வரிச் சட்டம் விற்பனையையும் இலாபத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வங்கிக்கு வந்த தொகையை மட்டும் வைத்து எந்த வரியையும் கணக்கிட முடியாது.

முதலில் கழிவுகள். அக்கா அந்த மாதம் 1,500 ரூபாய் விலையில் 60 பொதிகள் அனுப்பினார். 4 பொதிகள் திரும்பி வந்தன. எனவே உண்மையான விற்பனை 56 பொதிகள், 84,000 ரூபாய். அவருடைய பொருள் வகைக்கு கொமிஷன் 10 வீதம், அதாவது 8,400 ரூபாய். பணம் அறவிடும் கட்டணம் 2 வீதம், 1,680 ரூபாய். இந்த இரண்டும் சேர்ந்த 10,080 ரூபாயின் மேல் 18 வீத வற் வரி 1,814 ரூபாய் 40 சதம். அவர் சம்மதித்துச் சேர்ந்த தள்ளுபடித் திட்டத்தில் அவருடைய பங்கு 2,400 ரூபாய். திரும்பி வந்த 4 பொதிகளுக்கும் கூரியர் கட்டணம் தலா 350 வீதம் 1,400 ரூபாய். மொத்தக் கழிவு 15,694 ரூபாய் 40 சதம். வங்கிக்கு வந்தது 68,305 ரூபாய் 60 சதம். பொதி ஒன்றுக்கு ஏறத்தாழ 1,220 ரூபாய்தான் கையில் கிடைத்திருக்கிறது. வீட்டு வாசலில் விற்கும் அதே விலையை இணையத்திலும் போடுகிறவர்கள் இந்த 280 ரூபாயைத் தங்கள் இலாபத்திலிருந்து கொடுக்கிறார்கள். வீதங்கள் சந்தைக்குச் சந்தை, பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் அறிக்கையின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அக்காவைப் பயமுறுத்தியது 'வரி' என்று எழுதப்பட்டிருந்த அந்த 1,814 ரூபாய். அது அவருடைய வருமானத்தின் மேல் விழுந்த வரி அல்ல. சந்தை நடத்தும் நிறுவனம் வற் பதிவு பெற்றது. அது அக்காவுக்கு ஒரு சேவையை விற்கிறது. அந்தச் சேவைக் கட்டணத்தின் மேல்தான் வற் அறவிடுகிறது. வற் பதிவு இல்லாத ஒருவரால் இதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் இலாபம் பார்க்கும்போது இதையும் செலவாகக் கழிக்கலாம். அதேபோல், வற் பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் வற் என்று சொல்லிப் பணம் வாங்கவும் கூடாது.

கழிவுகளில் அதிகம் பிழைக்கும் இடம் திரும்பி வந்த பொதிகள். பணம் முதலில் கணக்கில் ஏறி, கொமிஷனும் வெட்டப்பட்ட பின் பொதி திரும்பினால், விற்பனைத் தொகையை மீளப் பெறும்போது கொமிஷனையும் அதற்கான வற் வரியையும் சந்தை திருப்பித் தரவேண்டும். அறிக்கையில் ஓடர் இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் தெரியும்: ஒரே இலக்கத்தின் கீழ் விலை, கொமிஷன், வற் மூன்றும் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கியிருக்க வேண்டும். விலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு முறைப்பாடு செய்யலாம். தேசிய அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் வேறுபட்டால் பணம் தடைப்படக்கூடும். இடப்பெயர்வுக்குப் பின் ஆவணங்களை மீள எடுத்தவர்கள் இதைக் கணக்குத் திறக்கும்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனிப் பதிவு. இங்கே நான்கு வேறு வேறு விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

பிரதேச செயலகத்தினூடாகச் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவு வரிப் பதிவு அல்ல. அது கடைப்பெயருக்கானது.

டின் எனப்படும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கத்தை 18 வயதைக் கடந்தவர்கள் பெறவேண்டும் என்று 2024 ஜனவரி முதல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் இதற்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு. டின் எடுத்ததால் மட்டும் ஒரு ரூபாய் வரியும் வராது. அது அடையாள அட்டை இலக்கம் போன்றது.

வருமான வரி வருவது இலாபத்தின் மேல். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் நிவாரணம் உண்டு. அக்காவுக்கு மல்லி, மிளகாய், அரைப்பு, பொதி, உதவிக்கு வரும் பிள்ளையின் கூலி எல்லாம் சேர்த்து அந்த மாதம் 41,000 ரூபாய் செலவு. 68,305இல் அதைக் கழித்தால் இலாபம் சுமார் 27,300. பன்னிரண்டு மாதமும் இப்படியே போனாலும் ஆண்டுக்கு 3 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய்தான். வேறு வருமானம் இல்லாத அவருக்கு வருமான வரி இல்லை.

ஆனால் இந்த 18 இலட்சம் ஒருவரின் எல்லா வருமானத்துக்கும் சேர்த்து ஒரே தடவைதான் கிடைக்கும். மாதம் 95,000 ரூபாய் சம்பளம் எடுக்கும் ஓர் ஆசிரியை, வீட்டு விற்பனையில் மாதம் 90,000 இலாபம் பெறுகிறார் என்று வைப்போம். சம்பளம் 11 இலட்சத்து 40 ஆயிரம், இலாபம் 10 இலட்சத்து 80 ஆயிரம், கூட்டினால் 22 இலட்சத்து 20 ஆயிரம். 18 இலட்சம் போக மிஞ்சும் 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு முதற்படி வீதமான 6 வீதம் வரும்: 25,200 ரூபாய். மாதச் சம்பளம் மட்டும் எல்லைக்குக் கீழே இருப்பதால் சம்பளத்தில் எதுவும் வெட்டியிருக்க மாட்டார்கள். எனவே இவர் தானாகவே கணக்குக் காட்ட வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அறிக்கை அதன்பின் வரும் நவம்பர் 30க்குள். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு. கணவரின் சம்பளம் மனைவியின் கணக்கில் சேராது.

வற் பதிவுதான் இலாபத்தைப் பார்க்காமல் விற்பனையைப் பார்ப்பது. 2024 ஜனவரியில் இதன் எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாய், அல்லது ஒரு காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி என்று நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் இதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. அக்காவின் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 10 இலட்சம். எந்த எல்லையை வைத்துப் பார்த்தாலும் அவர் அதற்கு அருகில்கூட இல்லை. ஆனால் எல்லைக்கு அருகே போகும் பெரிய விற்பனையாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே எண்ணப்படுவது வங்கிக்கு வந்த தொகை அல்ல, கொமிஷன் கழிக்க முந்திய விலை.

அக்கா இப்போது ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டிருக்கிறார்: விற்பனை, சந்தைக் கழிவு, வீட்டுச் செலவு. சந்தையின் மாத அறிக்கையையும் மல்லி, மிளகாய் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் அதே கொப்பிக்குள் வைக்கிறார். நாளைக்கு யாராவது வங்கிக் கணக்கைக் காட்டி "இவ்வளவு காசு வந்திருக்கே" என்று கேட்டால், அதில் இலாபம் எவ்வளவு என்று காட்டுவதற்கு அந்தத் துண்டுகள்தான் ஆதாரம்.