தராசின் எண் எப்போது நிலைக்கும்?

மின்னணுத் தராசின் தட்டில் ஒரு கிலோ பொட்டலத்தை வைத்தால் திரையில் உடனே 1.000 தோன்றுவதில்லை. எண் வேகமாக ஏறுகிறது, பிறகு தயங்கித் தயங்கி ஒரு கிலோவில் வந்து நிற்கிறது. தட்டுக்கு அடியில் இருக்கும் லோடு செல் தரும் அளவு எப்போதும் சற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே காட்டினால் கடைசி இலக்கங்கள் துள்ளும். அதனால் உள்ளிருக்கும் சிறு கணிப்பான் ஒவ்வொரு புதிய அளவையும் பழைய விடைகளோடு கலந்து காட்டுகிறது. அப்படிப்பட்ட கலவை ஒன்று இது:

y[n] = 0.7 y[n−1] − 0.1 y[n−2] + 0.4 x[n]

இதில் x[n] என்பது செல் தரும் அளவு, y[n] திரையில் வரும் எண். n என்பது எத்தனையாவது அளவு என்பதைக் குறிக்கிறது. எண்ணிக்கை 0 என்று தொடங்கும். இப்போதைய விடையை முந்தைய விடைகளோடு இணைக்கும் இத்தகைய சமன்பாட்டுக்கு வேறுபாட்டுச் சமன்பாடு என்று பெயர்.

தட்டு காலியாக இருந்து, n = 0 முதல் x[n] = 1 என்று கொண்டு ஒவ்வொரு படியாகக் கணக்கிட்டால் 0.4, 0.68, 0.836, 0.9172 என்று வரும். கணிப்பானுக்கு இது போதும். தராசை வடிவமைப்பவருக்குப் போதாது. எத்தனை அளவுகளுக்குப் பிறகு பிழை ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும் என்று அவர் அறிய வேண்டும்; கலவையின் எண்களை மாற்றினால் என்ன ஆகும் என்றும் அறிய வேண்டும். அதற்கு n-ஐ இட்டால் விடை தரும் வாய்பாடு தேவை. அதைத் தருவது z-உருமாற்றம். இன்றைய பாடநூல்களில் இருக்கும் வடிவத்தை அதற்குப் பெரிதும் தந்தது, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரகாஸினியும் லோட்ஃபி ஸாடேயும் 1952-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை.

உருமாற்றத்தின் உத்தி எளியது. 0.4, 0.68, 0.836 என்ற வரிசையை 0.4 + 0.68z⁻¹ + 0.836z⁻² + … என்று ஒரே தொடராக எழுதுகிறோம். z⁻¹-இன் அடுக்கு, அந்த எண் எத்தனையாவது இடத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம். ஒரு படி தாமதம் என்பது z⁻¹-ஆல் பெருக்குவதாகிவிடுகிறது. ஆகவே y[n−1] இருந்த இடத்தில் z⁻¹Y வரும், y[n−2] இருந்த இடத்தில் z⁻²Y வரும். 1, 1, 1, … என்ற உள்ளீடு z/(z−1) ஆகும். இவற்றை இட்டு Y-ஐத் தனியே பிரித்தால் கிடைப்பது:

Y(z) = 0.4z³ / [(z−1)(z² − 0.7z + 0.1)] = 0.4z³ / (z³ − 1.7z² + 0.8z − 0.1)

இதிலிருந்து y[n]-க்குத் திரும்புவதே நேர்மாறு z-உருமாற்றம். அதற்கான முதல் வழி நீள் வகுத்தல், பள்ளியில் பல்லுறுப்புக் கோவைகளை வகுத்த அதே முறை. 0.4z³-ஐ z³-ஆல் வகுத்தால் ஈவு 0.4. அதைக் கீழ்க்கோவையால் பெருக்கிக் கழித்தால் மீதி 0.68z² − 0.32z + 0.04. அடுத்த ஈவு 0.68z⁻¹. மீண்டும் பெருக்கிக் கழித்தால் மீதி 0.836z என்று தொடங்குகிறது, ஈவு 0.836z⁻². ஈவில் வரும் எண்கள் திரையில் வரும் எண்களேதான். உண்மையில் இந்த வகுத்தல் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. படிப்படியாகச் செய்த கணக்கை வேறு உடையில் மறுபடி செய்கிறது. ஆனாலும் முதல் நான்கைந்து மதிப்புகள் கையில் இருந்தால், பிறகு வரும் வாய்பாடு சரியா என்று உரசிப் பார்க்கலாம்.

வகுக்கும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. கீழ்க்கோவையைத் தலைகீழாக, −0.1 முதலில் வரும்படி எழுதி வகுத்தால், −4z³ − 32z⁴ − … என்று ஒரு தொடர் வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் z-இன் நேர் அடுக்குகள் n = −3, −4 என்ற கடந்த காலத்தைக் குறிப்பவை; பொட்டலம் வைக்கும் முன்பே தராசு ஆடியது என்று அது சொல்கிறது. ஒரே Y(z) இரண்டு வரிசைகளைத் தர முடியும். எது வேண்டும் என்பதைத் தொடர் ஒருங்கும் பகுதி முடிவு செய்கிறது. காரணத்துக்குப் பின்னரே விளைவு வரும் தராசுக்கு அது |z| > 1.

வாய்பாட்டைத் தருவது இரண்டாவது வழியான பகுதிப் பின்னங்கள். z² − 0.7z + 0.1 என்பது (z−0.5)(z−0.2) என்று பிரியும். இங்கே Y(z)-ஐ நேரடியாகப் பிரிக்காமல் Y(z)/z-ஐப் பிரிப்பது வழக்கம். காரணம், அட்டவணையில் aⁿ என்ற வரிசைக்கு உரியது z/(z−a). முன்னதாக ஒரு z-ஐ எடுத்து வைத்தால்தான் கடைசியில் அதைத் திருப்பித் தர முடியும்.

Y(z)/z = 0.4z² / [(z−1)(z−0.5)(z−0.2)] = A/(z−1) + B/(z−0.5) + C/(z−0.2)

A-வைக் காண (z−1)-ஐ மறைத்துவிட்டு மீதியில் z = 1 என்று இட வேண்டும்: 0.4 ÷ (0.5 × 0.8) = 1. அதேபோல் z = 0.5-இல் B = 0.1 ÷ (−0.15) = −2/3. z = 0.2-இல் C = 0.016 ÷ 0.24 = 1/15. ஆகவே n ≥ 0-க்கு,

y[n] = 1 − (2/3)(0.5)ⁿ + (1/15)(0.2)ⁿ

n = 0 என்றால் 0.4, n = 1 என்றால் 0.68. வகுத்தலின் விடைகளோடு பொருந்துகின்றன. z-ஐ எடுத்து வைக்க மறந்து, கடைசியில் மட்டும் aⁿ என்று எழுதிவிடுபவரின் விடை இந்தச் சோதனையில் n = 0-இலேயே பிடிபட்டுவிடும்.

இப்போது தராசு திறந்த புத்தகம். 1 என்பது இறுதியில் நிற்கும் எடை. (0.2)ⁿ இரண்டு மூன்று அளவுகளில் மறைந்துவிடுகிறது, எண்ணைத் தயங்க வைப்பது (0.5)ⁿ மட்டுமே. அதனால் ஒரு சதவீதக் கேள்விக்கு (2/3)(0.5)ⁿ < 0.01 என்று பார்த்தால் போதும். n = 6-இல் அது 0.0104, சற்றே மிகை; n = 7-இல் 0.0052. நொடிக்கு 10 அளவுகள் எடுக்கும் தராசில் இது முக்கால் நொடிக்கும் குறைவு.

தட்டு காலியாக இல்லாமல் முன்பே ஏதாவது இருந்தால் தாமதத்தின் விதி சற்று மாறும்: y[n−1]-க்கு z⁻¹Y + y[−1] என்று எழுத வேண்டும். ஒரு கிலோவில் நிலைத்திருந்த தராசிலிருந்து பொட்டலத்தை எடுத்துவிட்டால், இதே வழியில் y[n] = (2/3)(0.5)ⁿ − (1/15)(0.2)ⁿ என்று வரும். ஏறிய வேகத்திலேயே இறங்குகிறது.

கலவையின் எண்களை மாற்றினால் கீழ்க்கோவையின் மூலங்கள் மாறும், பிரிக்கும் முறையும் மாறும். 0.7, −0.1, 0.4-க்குப் பதிலாக 1, −0.25, 0.25 என்று வைத்தால் 0.5 என்ற மூலம் இருமுறை வரும். அப்போது (z−0.5)²-க்கும் ஓர் உறுப்பு வேண்டும்; விடையில் n-ஆல் பெருக்கிய அடுக்கு தோன்றும்: y[n] = 1 − (0.75 + 0.25n)(0.5)ⁿ. இது ஒரு சதவீதத்துக்குள் வர n = 9 வரை காத்திருக்க வேண்டும். 1, −0.5, 0.5 என்று வைத்தாலோ மூலங்கள் கலப்பெண்கள், அதாவது 0.5 ± 0.5i. விடையில் சைன், கோசைன் அலைகள் வரும், திரையில் 0.5, 1, 1.25, 1.25, 1.125, 1, 0.9375 என்று எண் ஏறி இறங்கும். ஒரு கிலோ பொட்டலத்துக்குத் திரை ஒரு கணம் 250 கிராம் கூடுதலாகக் காட்டும். எந்தக் கடைக்கும் ஆகாத தராசு அது.