ஒரு முகம், பன்னிரண்டு துண்டு

உடைந்த வளையல் துண்டுகளைக் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே போட்டு உருட்டிப் பார்த்தவர்களுக்கு கலைடாஸ்கோப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1816-ல் அதைக் கண்டுபிடித்து, மறு ஆண்டே காப்புரிமையும் பெற்றார். நம் பள்ளிப் பிள்ளைகள் செய்வதில் மூன்று கண்ணாடி இருக்கும். அதில் கோலம் எல்லாப் பக்கமும் பரவிக்கொண்டே போகும். இரண்டு கண்ணாடியைக் கோணமாக வைத்தால் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரே ஒரு வட்டக் கோலம் விழும். அதுதான் மண்டலம். முகப் படத்திலிருந்து அதைக் கணினியில் செய்ய, ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. துண்டின் ஒரு விளிம்பில் வெளிச்சம் பட்ட கன்னம் இருக்கும், மறு விளிம்பில் கறுத்த கூந்தல். வெறுமனே சுழற்றினால் கன்னமும் கூந்தலும் ஒட்டுமிடத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு தெரியும். துண்டோடு அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் சேர்த்தால், கன்னத்தின் பக்கத்தில் அதே கன்னம், கூந்தலின் பக்கத்தில் அதே கூந்தல். எந்த விளிம்பும் தன்னையேதான் சந்திக்கிறது. இதனால்தான் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 30 பாகை என்றால் 12 துண்டு, ஆறு ஜோடி. 40 பாகை என்றால் ஒன்பது. கடைசித் துண்டுக்கு ஜோடி இல்லாமல் அங்கே வெட்டு தெரியும்.

செய்து பார்ப்போம். 2400-க்கு 2400 பிக்சலில் ஒரு சதுரம். மல்லிகைச் சரமும் ஜிமிக்கியும் அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகம் அதில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் `Layer > Layer to Image Size`, அடுத்து `Layer > Transparency > Add Alpha Channel`. `Free Select` கருவியால் மூன்று புள்ளிகள்: நடுப்புள்ளி (1200, 1200), அதற்கு நேர் மேலே (1200, 0), வலப்பக்கம் (1893, 0). இதுதான் 30 பாகைத் துண்டு. தேர்வைத் தலைகீழாக்கி மற்றதை அழித்துவிட்டு, தேர்வையும் நீக்கிவிடுங்கள். லேயரை நகலெடுத்து `Layer > Transform > Flip Horizontally` கொடுத்தால் பிம்பம் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் `Merge Down` செய்தால் 60 பாகை ஜோடி தயார். அதை ஐந்து முறை நகலெடுத்து, `Layer > Transform > Arbitrary Rotation` வழியாக 60, 120, 180, -120, -60 பாகை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் முதல் ஜோடியிலிருந்தே நகல் எடுங்கள். திருப்பியதையே மறுபடி திருப்பினால் படம் மங்கிக்கொண்டே போகும். கடைசியில் 1200 ஆரத்தில் வட்டமாக வெட்டுங்கள்.

இரண்டு கோளாறு வரலாம். ஜோடிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றால், லேயரின் அளவு சுருங்கியிருக்கிறது என்று பொருள். சுழற்சி லேயரின் நடுவைச் சுற்றித்தான் நடக்கும். ஜோடிகளுக்கிடையே மயிரிழைக் கோடு தெரிந்தால், விளிம்புப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும்படி இருக்கின்றன. மூன்றாவது புள்ளியை 1907-க்குத் தள்ளிக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் ஜோடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கோடு மறையும்.

கணக்கு இவ்வளவுதான். கைவண்ணம், முகத்தின் எந்தப் பகுதியை வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. துண்டு நடுவில் ஊசிமுனை. நடுவிலிருந்து 300 பிக்சல் தள்ளி அதன் அகலம் 170-தான். 800 தள்ளினால் 460. ஆகவே 300 பிக்சல் அகலமுள்ள கண் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் அது விளிம்புப் பக்கம்தான் இருக்க முடியும். அப்போது பன்னிரண்டு கண்கள் நம்மையே முறைக்கும்! எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. கண்ணைத் துண்டின் ஓரக்கோட்டில் வைத்தால் பாதிக் கண்ணும் அதன் பிம்பமும் சேர்ந்து மீன் வடிவில் ஒன்றாகும். எண்ணிக்கையும் ஆறாகக் குறையும்.

பரந்த நெற்றியும் கன்னமும் வெறும் மொழுக்கென்ற இதழ்களாகத்தான் விழும். கூந்தல், மல்லிகை, ஜிமிக்கி, புடவைக் கரை ஆகியவைதான் கோலத்தைத் தூக்கி நிறுத்துபவை. ஓரக்கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்கும் இழை வளைந்து தொடரும். சாய்வாகச் சந்தித்தால் அம்புமுனைபோல் மடங்கும். வெட்டுவதற்கு முன் படத்தைச் சில பாகை திருப்பிப் பார்த்து, எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து பாகை மாற்றினாலே கோலம் வேறு.

முடிந்ததை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் எட்டு அங்குல வட்டம் கிடைக்கும். அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே பெரிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இழுத்துப் பெரிதாக்கினால் மல்லிகையெல்லாம் பஞ்சாகத்தான் தெரியும்.