கெட்டிலில் கல்லாகும் உப்பு

மின் கெட்டிலின் அடித்தகட்டில் வெள்ளையாகப் பிடிப்பதை வீடுகளில் ‘உப்பு’ என்கிறார்கள். அது சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் எதனால் ஆனவையோ, அதே கால்சியம் கார்பனேட்தான் அது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. நீர் சூடாகும்போது அது சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு ஆவியாகப் போய்விட, கரையாத கார்பனேட் வெப்பம் மிகுந்த இடத்தில் படிகிறது.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (IS 10500), நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 400 மில்லிகிராம் அளவுக்குப் படியக்கூடிய கடினத்தன்மை உள்ள நீரை நாளுக்கு 3 லிட்டர் காய்ச்சினால், அதிகபட்சம் 1.2 கிராம் படிவு சேரும். மூன்று நான்கு மாதத்தில் தகடே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

படிவைக் குடித்தால் கெடுதலா?

இந்தப் படிவு நஞ்சு அல்ல. டம்ளரில் வந்து விழும் செதில்கள் வாயில் நறநறக்குமே தவிர உடலைக் கெடுக்காது. சிறுநீரகக் கல் இதனால்தான் வருகிறது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். கெட்டிலில் இருப்பது கார்பனேட். கெட்டிலின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில், அது அணையும் முறையில் இருக்கிறது.

அணைக்கும் இரண்டு காவல்கள்

கொதித்ததும் கெட்டிலை அணைப்பது நீரின் சூடு அல்ல, நீராவி. மூடிக்குக் கீழே, கைப்பிடிப் பக்கமாக ஒரு சிறு துளையோ பிளவோ இருக்கும். கொதிக்கும்போது ஆவி அதன் வழியே இறங்கி, சுவிட்சை ஒட்டிய ஈருலோகத் தகட்டைச் சூடாக்குகிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த அந்தத் தகடு ‘டக்’ என்று மறுபக்கம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். மூடி திறந்திருந்தால் கெட்டில் அணையாததற்குக் காரணம் இதுதான்: ஆவி மேலே போய்விடுகிறது, தகட்டுக்கு வந்து சேர்வதில்லை.

இரண்டாவது காவல் அடித்தகட்டின் கீழே உள்ளது. நீரில்லாமல் கெட்டில் எரிந்தால் தகடு 100 டிகிரியைத் தாண்டி வெகுவாகச் சூடேறும். அப்போது அங்குள்ள ஈருலோகத் தகடு மின்சாரத்தைத் துண்டிக்கும்.

ஒரே படிவு இந்த இரண்டையும் எதிரெதிர்த் திசையில் கெடுக்கிறது. ஆவித் துளையைப் படிவு அடைத்தால் நீர் கொதித்துக்கொண்டே இருக்கும், கெட்டில் அணையாது. அடித்தகட்டில் படிவு கெட்டியானால் வெப்பம் நீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வறட்சிக் காவல் ஏமாந்து அணைத்துவிடும். ‘கட்-ஆஃப் போச்சு’ என்று மாற்றப்படும் கெட்டில்களில் பலவற்றுக்குப் பழுது சுவிட்சில் இருப்பதில்லை, உப்பில் இருக்கிறது.

இவற்றில் அணையாத பழுதே ஆபத்தானது. 1,500 வாட் கெட்டிலில் கொதிநிலையை எட்டிய ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 25 நிமிடத்தில் முழுக்க ஆவியாகிவிடும். அதன்பின் எஞ்சுவது வறட்சிக் காவல் மட்டும். அதன் தொடுமுனைகள் பொறியில் உருகி ஒட்டிப்போயிருந்தால் பிளாஸ்டிக் அடிப்பாகம் கருகத் தொடங்கும். ஆகவே அணையாத கெட்டிலில் அமிலக் கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடுவது கூடாது.

எவ்வளவு அமிலம் வேண்டும்?

ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு ‘போகவில்லை’ என்று கைவிடுபவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 12 செ.மீ. விட்டமுள்ள தகட்டில் 2 மி.மீ. படிவு என்றால் சுமார் 50 கிராம் சுண்ணாம்பு. ஒரு கிராம் படிவைக் கரைக்க 1.2 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும்; அதாவது மொத்தம் 60 கிராம். 4 சதவீத வெள்ளை வினிகரில் அது ஒன்றரை லிட்டர். முழு எலுமிச்சம்பழமே ஒரு கிராம் சொச்சம் படிவைத்தான் கரைக்கும்.

மளிகைக் கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் வாடையில்லாதது, கைக்கு எளிது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அது உண்டாக்கும் கால்சியம் சிட்ரேட் நன்றாகக் கரைவதில்லை. சூடு கூடக் கூட இன்னும் குறைவாகவே கரையும். கொதிக்கவைத்தால் ஒரு படிவு போய் இன்னொரு வெள்ளைப் படிவு வந்து உட்காரும். புளிக்கும் இதே குறைதான்: பித்தளையைப் பளபளக்கச் செய்யும் அதன் டார்டாரிக் அமிலம், சுண்ணாம்போடு சேர்ந்தால் கரையாத டார்டரேட்டாகிவிடும்.

செய்முறை

பிளக்கைக் கழற்றிக் கெட்டிலை ஆறவிட வேண்டும். முக்கால் லிட்டர் நீரை வேறு பாத்திரத்தில், ஆவி பறக்கும் அளவுக்கு, ஆனால் கொதிக்காமல் சுடவைத்துக் கெட்டிலில் ஊற்றி, 30 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கும் என்பதால் ஒன்றரை லிட்டர் கெட்டிலில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மூடி திறந்தே இருக்கட்டும். வினிகர் என்றால் தண்ணீர் கலக்காமல் முக்கால் லிட்டர் ஊற்றி ஊறவிடலாம். அதைச் சூடாக்கினால் வரும் ஆவி கண்ணை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம்.

வேலை நடப்பதைக் குமிழிகள் சொல்லும். குமிழி நின்றும் படிவு மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். கொட்டிவிட்டு, அடியில் சேர்ந்த வெள்ளை வண்டலையும் கழுவி, புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். மேலே சொன்ன 50 கிராம் படிவுக்குச் சிட்ரிக் ஆசிட் மூன்று சுற்று, வினிகர் இரண்டு சுற்று பிடிக்கும். புது அமிலத்திலும் குமிழிடாத சாம்பல் கறை கார்பனேட் அல்ல. அதைக் கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டினால் துருப்பிடிக்காத எஃகும் கீறலில் துருப்பிடிக்கும்.

ஆவித் துளைக்குள் கரைசலை ஊற்றக் கூடாது. அந்த வழி சுவிட்சுக்குப் போகிறது. வினிகரில் நனைத்துப் பிழிந்த காது குடையும் பஞ்சால் துளையின் வாயை மட்டும் பலமுறை துடைத்தால் போதும். கெட்டிலை நீரில் முக்கிக் கழுவுவதும் கூடாது.

சேர்க்கக் கூடாதவை

கழிவறை ஆசிட் சுண்ணாம்பை நொடியில் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எஃகில் ஊசித் துளைகளை உண்டாக்கும், உணவுப் பாத்திரத்துக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ எந்த அமிலத்தோடு சேர்ந்தாலும், வினிகரோடு சேர்ந்தாலும்கூட, குளோரின் வாயு வரும்; மூடிய சமையலறையில் அது நுரையீரலைத் தாக்கும். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போடுவது ஆபத்தில்லாத, ஆனால் வீணான வேலை. நுரை நிறைய வரும். அமிலம் முழுக்கச் சோடாவிடமே செலவாகிவிடும்.

இறுதிச் சோதனை

நன்றாக அலசியபின் பாதியளவு நல்ல நீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, பக்கத்திலேயே நின்று கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதித்து அரை நிமிடத்துக்குள் தானாக அணைந்தால் ஆவிவழி திறந்துவிட்டது. அந்த நீரைக் கொட்டிவிடலாம். அணையாவிட்டால் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். வறட்சிக் காவலைச் சோதிக்க வெறும் கெட்டிலைப் போட்டுப் பார்ப்பது தவறு. சுத்தம் செய்தபின்னும் அணையாத கெட்டில், அடியில் கருகல் வாடை வரும் கெட்டில், தொட்டால் மின் அதிர்வு தரும் கெட்டில் ஆகியவற்றை ‘பார்த்து அணைத்துக்கொள்ளலாம்’ என்று வைத்திருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.